மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடினால் கல்லூரிக்கு எப்படி எழுதுவது?

“அண்ணாச்சி, பாளையங்கோட்டைல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. கணிதம் கிடைக்கல. இப்போ மறுமதிப்பீட்டுல கணக்கு 71-லிருந்து 84 ஆயிட்டு. மறுபடி பாக்கச் சொல்லி மெயில் எப்படி எழுத?”

தம்பி, இன்றைக்கே எழுதுங்க. காலியிடம் நிரம்பிவிட்டால் மதிப்பெண் கூடியும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

தலைப்பிலேயே விண்ணப்ப எண்ணைப் போடுங்க. என் தங்கைக்கு எழுதியபோது அதை விட்டுவிட்டோம்; பதிலே வரவில்லை. எண்ணோடு மறுபடி அனுப்பிய பிறகுதான் கூப்பிட்டார்கள். முதல்வருக்கு இப்படி எழுதலாம்:

“ஐயா, பி.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காத மாணவன் நான். மறுமதிப்பீட்டில் என் கணித மதிப்பெண் 71-லிருந்து 84 ஆக மாறியுள்ளது. திருத்திய மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன். புதிய மதிப்பெண்ணைக் கொண்டு என் தரவரிசையைத் திருத்தி, காலியிடம் இருந்தால் பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

இதற்குக் கீழே பெயர், விண்ணப்ப எண், தேர்வு எண், கைபேசி எண். அவ்வளவுதான். திருத்தியவர் தப்பாகப் போட்டார், வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் நீட்ட வேண்டாம். அவர்கள் பார்ப்பது, கூடிய 13 மதிப்பெண்ணில் நீங்கள் கடைசியாகச் சேர்ந்தவரைத் தாண்டுகிறீர்களா என்பதைத்தான். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு வரி கூட்டிக்கொள்ளுங்க. சேர்ந்தவர்கள் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும்போது இடம் விழும்.

இணைப்பு பிடிஎஃப் ஆக, எழுத்து தெளிவாக இருக்கட்டும். அப்புறம் ரெண்டு நாளில் பதில் இல்லையென்றால், மெயிலையும் பட்டியலையும் அச்செடுத்து காலையிலேயே சேர்க்கை அலுவலகத்துக்கு நேரில் போயிருங்க.