ஓர் அடினைனில் இருக்கிறது விஷயம்

கேள்வி: புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பாக்டீரியாவுக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. அப்புறம் எப்படி எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் எல்லாம் கிருமியை மட்டும் தாக்குகின்றன?

"அதற்கு 70எஸ், நமக்கு 80எஸ்" என்று எழுதித்தான் நானும் கல்லூரியில் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அந்த எண்கள் மையவிலக்கியில் ரைபோசோம் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. மருந்துக்கு முக்கியம், தான் ஒட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான்.

எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை மேக்ரோலைடுகள். ரைபோசோமில் உருவாகும் புரதச் சங்கிலி ஒரு குறுகிய சுரங்கம் வழியாக வெளியே வரும். அதன் தொடக்கத்துக்குப் பக்கத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். சில அமினோ அமிலங்கள் கோத்த உடனேயே பல சங்கிலிகள் அங்கே முட்டி நின்றுவிடும். மருந்தின் சர்க்கரைப் பகுதி பற்றிக்கொள்வது ரைபோசோமின் ஒரு பகுதியான 23எஸ் ஆர்.என்.ஏ.வில், ஈ. கோலை பாக்டீரியாவின் கணக்குப்படி 2058ஆம் இடத்தை. பாக்டீரியாவில் அங்கே இருப்பது அடினைன் என்ற ஆர்.என்.ஏ. எழுத்து. நம் ரைபோசோமில் அதே இடத்தில் குவானைன். குவானைனில் கூடுதலாக ஓர் அமினோ தொகுதி துருத்திக்கொண்டிருக்கும். அது இடிப்பதால் மருந்துக்குப் பிடி கிடைக்காது.

இதற்குச் சாட்சி கிருமியே சொல்கிறது. வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியில் அந்த இடத்தின் எண் 2142. அங்கே அடினைன் மாறிக் குவானைன் ஆகிவிட்டால் கிளாரித்ரோமைசின் வேலை செய்யாது. அதாவது அந்த ஓர் எழுத்தில் கிருமி நம்மைப் போல ஆகிவிடுகிறது! 23எஸ் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு அதனிடம் இரண்டே நகல்கள்தான். ஏழு நகல் வைத்திருக்கும் ஈ. கோலையைவிட அதற்கு இந்த மாற்றம் சுலபம். வேறு சில பாக்டீரியாக்கள் எழுத்தை மாற்றாமல், எர்ம் என்ற நொதியால் அதே அடினைனில் மெத்தில் தொகுதியை ஒட்டித் தப்பிக்கின்றன.

அதற்காக எல்லாமே அந்த ஓர் எழுத்துதான் என்றும் சொல்ல முடியாது. ஈஸ்ட்டின் ரைபோசோமில் குவானைனை அடினைனாக மாற்றிப் பார்த்தார்கள். அது எரித்ரோமைசினுக்கு மசியவில்லை. சுரங்கத்தின் மற்றப் பகுதிகளும் பொருந்தி வர வேண்டும் போலிருக்கிறது.

டெட்ராசைக்ளின் கதை வேறு. அது சிறிய துணை அலகான 30எஸ்-இல் ஒட்டி, அமினோ அமிலம் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ. வந்து அமரும் இடத்தை மறிக்கிறது. ஆனால் அது பற்றுவது பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பை, அதாவது சர்க்கரை, பாஸ்பேட் பகுதியை. அது எல்லா உயிர்களிலும் ஒரே மாதிரிதான். அதனால் சோதனைக் குழாயில் அளவைக் கூட்டினால் நம் வகை ரைபோசோமையும் அது தடுக்கும். நாம் தப்பிப்பதற்கு ஒரு பெரிய காரணம், பாக்டீரியா இந்த மருந்தை ஆற்றல் செலவழித்து உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்வது. நம் செல்கள் அப்படிச் சேர்ப்பதில்லை.

நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியா வம்சம் என்பதையும் மறக்கக் கூடாது. செல் வளர்ப்பில் மரபணுவை இயக்கும் சுவிட்சாக, டெட்ராசைக்ளின் வகையான டாக்சிசைக்ளினைப் போடும்போது மைட்டோகாண்ட்ரியாவில் புரத உற்பத்தி குறையும். ஆகவே சுவிட்ச் இல்லாத செல்களுக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவை நம்ப வேண்டும்.