"வாழ்நாள் இலவசம்" என்ற கார்டுக்கு ஆண்டுக் கட்டணம்

"கார்டு தரும்போது வாழ்நாள் இலவசம்னு சொன்னாங்க. இப்ப பில்லில் 499 ரூபாய் ஆண்டுக் கட்டணம், மேலே ஜிஎஸ்டி. வங்கிக்கு எப்படி எழுதுறது?"

முதலில் அந்த வாக்குறுதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்: வந்த எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கார்டோடு வந்த கட்டண விவரம். ஏஜென்ட் வாயால் சொன்னது மட்டும் என்றால் வங்கி எளிதில் மறுத்துவிடும். கார்டு கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லாத, நீங்கள் சம்மதிக்காத கட்டணத்தைப் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

"கடைசி நான்கு எண்கள் ____ கொண்ட என் கார்டு வாழ்நாள் இலவசம் என்று வழங்கப்பட்டது, ஆதாரம் இணைப்பில். ____ தேதி பில்லில் உள்ள 499 ரூபாயையும் 18% ஜிஎஸ்டி 89.82 ரூபாயையும் சேர்த்து 588.82 ரூபாயைத் திருப்பி வரவு வையுங்கள். இனி எந்த ஆண்டும் இக்கட்டணம் வராது என எழுத்தில் உறுதி தாருங்கள்."

ஜிஎஸ்டியைத் தனியாகக் கேட்பது முக்கியம். கட்டணம் மட்டும் திரும்பி, வரி அப்படியே நின்றுவிடலாம். கடிதத்தின் கடைசி வாக்கியத்தையும் விடாதீர்கள், இல்லாவிட்டால் "இந்த முறை மட்டும் சலுகை" என்று முடித்துவிடுவார்கள்.

கெடு தேதிக்குள் பில்லை முழுதாகக் கட்டிவிடுங்கள். நிறுத்தி வைத்தால் வட்டி ஏறும். புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம், செலவில்லை.