“யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது”: பெற்றோருக்கு இப்படி எழுதித் தரலாமா?

கேள்வி: நான் ஒரு மெட்ரிக் பள்ளியின் முதல்வர். 8 முதல் 12-ம் வகுப்பு வரை மாணவர்களின் மனநலம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தப் போகிறோம். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில், “யார் என்ன எழுதினார்கள் என்பது எக்காரணம் கொண்டும் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்” என்று எழுதியிருக்கிறேன். தாளாளரோ, “வரிசை எண்ணையும் கேளுங்கள், அப்போதுதான் கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு உதவ முடியும்” என்கிறார். இதற்குள் போக்சோ வேறு வருமே என்று ஓர் ஆசிரியை பயப்படுகிறார். எப்படி எழுதினால் சரி?

பதில்: ஆசிரியையின் பயம் நியாயமானது. உங்கள் கடிதத்தில் ஆபத்தான சொல் “எக்காரணம் கொண்டும்”. அந்த வாக்குறுதியைச் சட்டம் உங்களைக் காப்பாற்ற விடாது.

தாளாளர் சொல்வதை முதலில் பார்ப்போம். அவர் நோக்கம் நல்லதுதான். ஆனால் வரிசை எண் இருக்கும் தாளைப் பெயரில்லாத தாள் என்று சொல்லக் கூடாது. பெயரில்லாத தாள் ஒன்று. பெயர் தெரிந்தும் வெளியே சொல்லாமல் ரகசியம் காப்பது வேறொன்று. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் செய்தால், பிள்ளையை ஏமாற்றி எழுத வாங்கியதாகிவிடும்.

வரிசை எண்ணை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. உங்கள் கேள்வித்தாளின் மேலே வகுப்பு, பிரிவு, ஆணா பெண்ணா, ஹாஸ்டலா வீடா என்று நான்கு கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 11-ம் வகுப்பு வணிகவியல் பிரிவில் 31 பேர், அதில் பெண்கள் 6 பேர், அந்த ஆறு பேரில் ஹாஸ்டலில் இருப்பது ஒரே ஒருத்தி. அவள் பெயர் எழுதவே தேவையில்லை. ஆகவே வகுப்பு, ஆணா பெண்ணா என்ற இரண்டு மட்டும் போதும். முடிவுகளைச் சொல்லும்போதும் 10 பேருக்குக் குறைவான குழுவைத் தனியே காட்டாதீர்கள். கையால் எழுதும் பதில் இருந்தால், வகுப்பாசிரியர் அந்தத் தாளைத் தொடவே கூடாது. அவருக்குக் கையெழுத்து மனப்பாடம். கூகுள் ஃபார்ம் என்றால், மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஒரு மாணவரின் கணக்கில் நீங்களே திறந்து பாருங்கள்: முகவரிக்குக் கீழே Not shared என்று வர வேண்டும்.

இப்போது போக்சோ. 2012-ம் ஆண்டுச் சட்டத்தின் 19-வது பிரிவு, 18 வயது நிறையாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, அதைக் காவல்துறைக்கோ சிறார் சிறப்புப் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிந்த எவருக்கும் இந்தக் கடமை உண்டு. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தவர் உங்கள் கீழ் வேலை செய்பவர் என்றால், நிறுவனப் பொறுப்பாளரான உங்களுக்கு அது ஓராண்டு வரை சிறையும் அபராதமும். மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் பள்ளி விடுதி மாணவிகள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், தகவல் சொல்லவில்லை என்று மருத்துவர் ஒருவர் மீது போடப்பட்ட வழக்கை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த ரத்தை நீக்கிவிட்டது.

சரி, பெயரே இல்லாத தாளில் வந்தால்? “9-ம் வகுப்பு. வேன் டிரைவர் தினமும் கடைசியாக என்னை இறக்கிவிடும்போது தொடுகிறார்” என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். குழந்தை யாரென்று தெரியாது. ஆனால் குற்றம் தெரியும், ஆள் யார் என்றும் ஏறக்குறைய தெரியும். இதற்குமேல் என்ன தெரிய வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். தாளை உறையிலிட்டு ஒட்டி, யார் எப்போது பிரித்தார்கள் என்று குறித்து வையுங்கள். “முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்” என்று அந்த வேனில் வரும் பெண்களை வரிசையாக அறைக்குக் கூப்பிடாதீர்கள். கையெழுத்தை ஒப்பிட்டுத் தேடாதீர்கள். அது காவல்துறையின் வேலை. அந்தப் பேச்சு டிரைவர் காதுக்குப் போய்விட்டால், எழுதிய பிள்ளைதான் முதலில் அகப்படும். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள் மேல் வழக்குத் தொடுக்க முடியாது. 19-வது பிரிவிலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பல பள்ளிகள் இதில் சறுக்குகின்றன. “பிரச்சினை ஏதும் தெரிந்தால் உடனே பெற்றோருக்கு முதலில் தெரிவிப்போம்” என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். தீங்கு செய்பவர் வீட்டிலேயே இருக்கலாம். அந்த ஒரு வரியைப் படித்ததும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

தாளாளரின் கவலைக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கேள்வித்தாள் பெயரில்லாமலே இருக்கட்டும். அதோடு தனியாக ஒரு சிறு சீட்டு கொடுங்கள். ஆலோசகரிடம் பேச விரும்பும் பிள்ளை அதில் பெயர் எழுதட்டும். வேண்டாம் என்பவர்கள் “வேண்டாம்” என்று எழுதட்டும். எல்லோரும் எழுதி, மடித்து, வேறு பெட்டியில் போட வேண்டும். அப்போதுதான் யார் உதவி கேட்டார்கள் என்பது பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. பெட்டியை ஆலோசகர் மட்டும் அன்று மாலையே திறக்க வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதாக இருந்தால், ஆலோசகர் பள்ளியில் இருக்கும் நாளில் மட்டும் நடத்துங்கள். கேள்வித்தாளின் அடியில் 1098, 14416 என்ற இரண்டு எண்களையும் அச்சிடுங்கள். முதலாவது குழந்தைகள் உதவி எண், இரண்டாவது டெலி மானஸ் மனநல உதவி எண்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமைக் கெடு. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம் ஆகாது. தெளிவாகச் செய்து காட்டும் செயல் வேண்டும். 18 வயதுக்குள் என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதமும் வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன; இந்தக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. உண்மையிலேயே ஆளை அடையாளம் காண முடியாத தாளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பெயர் எழுதும் சீட்டுத் தகவலைக் கணினியில் ஏற்றினால் பொருந்தும். எதுவானாலும் கையெழுத்திட்ட சம்மதத்தையே வாங்குங்கள். வராத வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரம் நூலகம். சம்மதம் வந்த பிள்ளையும் எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம்.

உங்கள் பத்திக்குப் பதிலாக இதைப் போடுங்கள்:

“கேள்வித்தாளில் மாணவரின் பெயரோ எண்ணோ கேட்கப்படாது. தாள்களை ஆலோசகர் மட்டுமே படிப்பார். முடிவுகள் மொத்தமாக மட்டும் பகிரப்படும். ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாகவோ நேரக்கூடும் என்றோ தெரியவந்தால் மட்டும், சட்டப்படி பள்ளி காவல்துறைக்குத் தெரிவிக்கும். இதை மாணவர்களுக்கும் தொடங்கும் முன்பே சொல்வோம். பங்கேற்பது கட்டாயமில்லை. சம்மதம் என்றால் கீழே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.”

கடைசிக்கு முந்தைய வரிகளில் மாணவர்களுக்குச் சொல்வதாக எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். கேள்வித்தாள் கொடுக்கும் முன் வகுப்பில் அதை வாய்விட்டே படியுங்கள். கடிதம் போவது பெற்றோருக்கு. எழுதப் போவது பிள்ளைகள்.