அண்ணன் மஸ்கட்டிலிருந்து மாதாமாதம் அம்மா கணக்குக்கு அனுப்பும் பணத்தைப் பற்றிக் கேட்டு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன பதில் போட?

வரி வராது. 2026 மார்ச் வரை வந்த பணத்துக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டம் 56(2)(x) பிரிவில், மகன் தாய்க்குத் தரும் பணம் உறவினர் தந்த அன்பளிப்பு, எவ்வளவு ஆனாலும் விலக்கு. ஆனால் அனுப்பியது மகன்தான் என்று காட்ட வேண்டும், சிக்கலே அங்கேதான்: பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் வழியாக வரும் பணம் பாஸ்புக்கில் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பெயரிலோ இடையிலுள்ள வங்கியின் பெயரிலோதான் விழும், அண்ணன் பெயர் இருக்காது.

குளச்சலில் என் பெரியம்மாவுக்கும் இதேதான் நடந்தது. மாதம் 40,000, வருடத்துக்கு 4,80,000 ரூபாய். அனுப்பியது அவர் மகன், எனக்குத் தம்பி. அவன் எக்ஸ்சேஞ்ச் ஆப்பிலிருந்து இருந்த ரசீதை எல்லாம் எடுத்து அனுப்பினான். ரசீதில் உள்ள UTR என்ற பரிமாற்ற எண்ணையும் பாஸ்புக் வரியையும் தேதிவாரியாக ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். 11 மாதம் பொருந்தியது. மீதி ஒரு மாதம் தம்பி ஊருக்கு வந்த நண்பன் கையில் பணத்தைக் கொடுத்துவிட, பெரியம்மா அதை வங்கியில் ரொக்கமாகக் கட்டியிருந்தார். அதை மறைக்காமல் தனியாகச் சொல்லி, நண்பனிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கி வைத்தோம், ரொக்கத்தைத்தான் அதிகாரி துருவிக் கேட்பார்.

கூடவே தம்பியின் பாஸ்போர்ட், விசா, சம்பளச் சான்று, மகன் என்று காட்ட பிறப்புச் சான்றிதழ், தம்பியின் கடிதம். எல்லாம் incometax.gov.in-இல் Pending Actions, e-Proceedings வழியாக, நோட்டீஸில் போட்ட தேதிக்குள். அப்புறம், அந்தப் பணத்துக்கு வந்த வட்டி அம்மாவின் வருமானம்தான், அதை விட்டுவிடாதீர்கள்.