கள்ளக்கடலுக்கு என்ன பெயர் போடுவது?

*"குளச்சலில் இருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புகிறேன். கடல் எச்சரிக்கையில் 'ஸ்வெல் சர்ஜ்' என்று வருகிறது. ஒருநாள் 'கடல் சீற்றம்' என்று போடுகிறோம், இன்னொரு நாள் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் போடுகிறோம். டெஸ்க்கில் ஒருவர் 'வீங்கலை எழுச்சி' என்று புதுச்சொல் சொல்கிறார். கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் மாதிரித் தாதுப் பெயர்களிலும் இதே குழப்பம். எதை வைத்து முடிவு செய்வது?"*

'கள்ளக்கடல்' என்று எழுதுங்கள். கேரளக் கரை மீனவர்கள் வாயில் பிறந்த சொல் இது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தன் எச்சரிக்கைகளில் இதையே பயன்படுத்துகிறது. 2012-ல் யுனெஸ்கோவும் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஆங்கில அறிக்கைகளே நம் பக்கத்துக் கரையில் இருந்து கடன் வாங்கிய சொல்லுக்கு, நாம் ஆங்கிலத்தில் இருந்து பெயர்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் உள்ளூர்ச் சொல் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. எந்த அறிவியல் சொல்லானாலும் முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், இங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பலத்த காற்று அலைகளைக் கிளப்புகிறது. அவை சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் இது நடக்கும். அந்த நேரம் இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கள்ளனைப்போல், சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் மேலேறிவிடும்.

இப்போது 'கடல் சீற்றம்' என்று போட்டால் என்ன ஆகும்? வாசகர் காற்றும் கொந்தளிப்புமாக ஒரு கடலை மனதில் வைத்துக்கொள்வார். கரைக்குப் போய்ப் பார்த்தால் கடல் சாதாரணமாகத் தெரியும். 'பேப்பரில் சும்மா போடுகிறார்கள்' என்று காலை நனைக்க இறங்கிவிடுவார். 2024 மே 6-ல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றதே, அது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயம். தெரிந்த சொல்லே தப்பான படத்தைத் தந்தால், தெரியாத சொல்லைவிட அது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

'வீங்கலை எழுச்சி' ஆங்கிலத்தைப் பிரித்துப் போட்ட சொல். மூலச் சொல் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். 'ஸ்வெல் சர்ஜ்' என்பதற்கு வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: 'ஸ்வெல் சர்ஜால்', 'ஸ்வெல் சர்ஜின்போது'. நாக்கு இடறுகிறது. 'கள்ளக்கடலால்', 'கள்ளக்கடலின்போது' இயல்பாக வருகின்றன. நான் எந்தச் சொல்லையும் இப்படி ஒரு வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவேன்.

சரி, கடன் சொல் எப்போதுமே தோற்குமா என்றால் இல்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு 'ஆழிப்பேரலை' என்ற நல்ல சொல்லை எழுதினோம். அது இன்றும் நினைவுநாள் தலைப்புகளில் வருகிறது. ஆனால் குளச்சலிலும் மணக்குடியிலும் மக்கள் அந்தத் துயரத்தைச் 'சுனாமி' என்றே சொல்கிறார்கள். ஜப்பானியச் சொல்தான், இருந்தாலும் தமிழ் நாவில் நின்றுவிட்டது. அதை மாற்ற முயல வேண்டாம்.

இனி செய்திக்கு வருவோம். எச்சரிக்கையில் அலை உயரம் 2.3 மீட்டர், அலைவு நேரம் 18 விநாடி என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

"நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. தொலைவில் உருவான அலைகள், காற்றில்லாத நேரத்திலும் திடீரெனக் கரையேறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். அலைகள் 2.3 மீட்டர் வரை எழலாம். கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்க வேண்டாம்."

அலைவு நேரம் பாடப்புத்தகத்தில் உள்ள சரியான சொல்தான். ஆனாலும் முதல் செய்தியில் அதை விட்டுவிட்டேன். கட்டுரையாக எழுதும்போது 'ஓர் அலை வந்து அடுத்தது வர 18 விநாடி' என்று விரித்துச் சொல்லலாம். விளக்கத்தை மதுரை வாசகருக்காகச் சேர்த்தேன். அவருக்குக் 'கள்ளநோட்டு' மாதிரி போலிக் கடல் என்று தோன்றிவிடக் கூடாது. அப்புறம், கள்ளக்கடலை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். போட்டால் ஏதோ பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவைத்ததுபோல் ஆகும்.

மோனசைட், தோரியம், சிர்கான் எல்லாம் பொருளின் பெயர்கள். இவற்றுக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டாம், ஒலிபெயர்த்தால் போதும். எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது மோனசைட். 'மோனோசைட்' என்று எழுதினால் அது ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளையணு. மணல் செய்திகளில் இந்த ஒற்றை 'னோ' எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிறது. அனுப்பும் முன் அந்த எழுத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.