ஒரே மருந்து, மூன்று பாட்டில்கள்: குழந்தைக்கு எத்தனை மி.லி.?

(பெற்றோர் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விக்கு மருந்தாளுநர் அளித்த விளக்கம்)

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. போன முறை காய்ச்சல் வந்தபோது டாக்டர் பாராசிட்டமால் 6 மி.லி. கொடுக்கச் சொன்னார். அந்தப் பாட்டிலில் 120 என்று இருந்தது. இப்போது வாங்கியதில் 250 என்று இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய ட்ராப்ஸ் பாட்டிலும் வீட்டில் உள்ளது. எதிலிருந்தும் அதே 6 மி.லி. கொடுக்கலாமா? ஸ்பூனில் அளந்தால் போதுமா? பகலில் பாட்டியும் இரவில் நாங்களும் மருந்து கொடுப்பதால் குழப்பம் வருகிறது.

பதில்: கொடுக்கக் கூடாது. புதிய பாட்டிலாக இருந்தால் உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 3 மி.லி. போதும். ட்ராப்ஸாக இருந்தால், அதன் லேபிளில் 1 மி.லி.க்கு 100 மி.கி. என்று அச்சிட்டிருக்கும் பட்சத்தில், ஒன்றரை மி.லி. மட்டுமே. மூன்றிலும் உள்ள மருந்து ஒன்றேதான் என்றாலும், ஒவ்வொரு பாட்டிலிலும் அது எவ்வளவு அடர்த்தியாகக் கலக்கப்பட்டிருக்கிறது என்பது வேறுபடுகிறது.

லேபிளில் மருந்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 5 மி.லி.யில் 120 மி.கி., 5 மி.லி.யில் 250 மி.கி., 1 மி.லி.யில் 100 மி.கி. என்று அந்த வரி மூன்று பாட்டில்களிலும் மூன்று விதமாக அமைந்திருப்பதைக் காண்பீர்கள். மி.கி. என்பது உடலுக்குள் போகும் மருந்தின் எடை, மி.லி. என்பது அந்த மருந்தைச் சுமந்து செல்லும் திரவத்தின் அளவு. டாக்டர் மனத்தில் கணக்கிடுவது மி.கி.யைத்தான். ஆனால் சீட்டில் எழுதுவதும் வீட்டில் நாம் நினைவில் வைத்துக்கொள்வதும் பெரும்பாலும் மி.லி.யாகவே இருக்கிறது, தவறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நேர்கிறது என்பது என் கருத்து. ட்ராப்ஸ் பாட்டில் கைக்குழந்தைகளுக்கானது என்பதால் அது மென்மையான மருந்தாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மூன்றில் மிக அடர்த்தியானது அதுதான். சிறு குழந்தை நிறைய திரவத்தை விழுங்காது என்பதற்காகவே குறைந்த திரவத்தில் நிறைய மருந்து கலக்கப்பட்டிருக்கிறது.

இனி உங்கள் மகனின் கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை கொடுக்கப்படுகிறது. 10 கிலோ என்றால் 100 முதல் 150 மி.கி. டாக்டர் சொன்ன 6 மி.லி.யைப் பழைய பாட்டிலோடு சேர்த்துப் பாருங்கள்: 5 மி.லி.யில் 120 என்றால் 1 மி.லி.யில் 24, ஆறு மி.லி.யில் 144 மி.கி. வரம்புக்குள் சரியாக இருக்கிறது. புதிய பாட்டிலில் 1 மி.லி.யில் 50 மி.கி. இருப்பதால் அதே 6 மி.லி.யில் 300 மி.கி. போய்விடும், அதாவது உயர்ந்தபட்ச அளவைப் போல இரண்டு மடங்கு. ட்ராப்ஸிலிருந்து 6 மி.லி. கொடுத்தால் 600 மி.கி.; வழக்கமாகப் பின்பற்றப்படும் 'ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு 60 மி.கி.' என்ற வரம்பின்படி உங்கள் மகனுக்கு ஒரு முழு நாளுக்கு உரிய அளவு அது.

ஆரோக்கியமான குழந்தைக்கு ஒரே ஒரு முறை 300 மி.கி. போய்விட்டால் பெரும்பாலும் பெரிய தீங்கு நேராது. ஆனாலும் அப்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, அந்தத் தவறு தெரியாமலேயே தொடர்வதுதான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 300 மி.கி. என்றால் நாளொன்றுக்கு 1200 மி.கி.; இரண்டு மூன்று நாள் காய்ச்சலில், அதுவும் குழந்தை சரியாகச் சாப்பிடாமல், வாந்தியெடுத்துக் களைத்திருக்கும் நேரத்தில், இந்த அளவு கல்லீரலைப் பாதிக்கக்கூடும். ஒவ்வொரு வேளையும் தனியாகப் பார்த்தால் பயப்படும்படி இருக்காது என்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது.

ஆகவே பாட்டில் மாறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். வேண்டிய மி.கி.யை 1 மி.லி.யில் உள்ள மி.கி.யால் வகுத்தால் மி.லி. கிடைத்துவிடும்: 150-ஐ 50-ஆல் வகுத்தால் 3. பாதி இரவில் இதைச் செய்ய வேண்டாம். பாட்டில் வாங்கிய அன்றே, மருந்துக் கடையில் நிற்கும்போதே, குழந்தையின் எடையைச் சொல்லி இந்தப் பாட்டிலில் எத்தனை மி.லி. என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாட்டிலின் மேல் ஒட்டிவிடுங்கள். கூடவே அன்றைய எடையையும் தேதியையும் குறித்துவையுங்கள், ஏனெனில் இந்த வயதில் எடை மாறிக்கொண்டே இருக்கும். 'ஒன்றரை மி.லி.' என்பதை எண்ணில் எழுதும்போது 1.5 என்பதன் புள்ளி மங்கிப்போனால் 15 ஆகிவிடும். எனவே எழுத்தாலும் எழுதுவது நல்லது. பழைய பாட்டிலைப் பொறுத்தவரை, பயன்படுத்தாத அடர்த்தியை வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. உங்கள் ட்ராப்ஸ் திறந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். கணக்கு சரியாக வந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

சமையலறை ஸ்பூனால் அளக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று கொள்ளளவில் வெகுவாக வேறுபடுகின்றன. ஒரே ஸ்பூனிலும் தளும்ப எடுப்பதற்கும் மட்டமாக எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 3 மி.லி. போன்ற சிறிய அளவுக்கு, வாயில் மருந்து ஊற்றுவதற்கென்றே கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் வேண்டும், 5 மி.லி. சிரிஞ்ச் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். பாட்டிலோடு வரும் மூடிக் கிண்ணம் பெரிய அளவுக்குப் பரவாயில்லை, ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தால் அளவு தவறும். சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். ட்ராப்ஸோடு வரும் சொட்டுக் குழாய் அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டுமே உரியது. வேறு மருந்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

அளக்கும் முறை இப்படி இருக்கட்டும். முதலில் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். இவற்றில் பல, மருந்துத் துகள் திரவத்தில் மிதக்கும் வகையைச் சேர்ந்தவை. குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் சில வேளைகள் குறைவாகவும் பாட்டில் தீரும் நேரத்தில் உள்ளவை அதிகமாகவும் போகும். சிரிஞ்சைப் பாட்டிலில் வைத்து, வேண்டிய கோட்டைச் சற்றுத் தாண்டி இழுங்கள். பிறகு முனையை மேல்நோக்கிப் பிடித்து, விரலால் தட்டி, காற்றுக் குமிழை மேலே ஏற்றி வெளியேற்றிவிட்டு, தண்டின் ரப்பர் முனையில் திரவத்தைத் தொடும் விளிம்பு 3 என்ற கோட்டில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். முனையில் சிறு மூடி இருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள், அது குழந்தையின் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறம் நோக்கிச் சிறிது சிறிதாக விடுங்கள். தொண்டையை நோக்கி வேகமாகப் பீய்ச்சினால் புரையேறும். முழு மருந்தையும் பாட்டில் பாலில் கலந்து கொடுக்கும் பழக்கம் வேண்டாம்: பால் மீந்தால் எவ்வளவு மருந்து போயிற்று என்பது தெரியாமல் போகும்.

மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் குழந்தை வாந்தியெடுத்தால், மறு வேளை உடனே கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். மருந்து எவ்வளவு வயிற்றில் தங்கியது என்பதை வீட்டில் கணிக்க முடியாது. அதை அனுமானித்து மீண்டும் கொடுப்பதைவிட டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ தொலைபேசியில் கேட்பது சரி.

இரண்டு பேர் மருந்து கொடுக்கும் வீட்டில் நினைவை நம்ப வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ மருந்து வைக்கும் இடத்திலோ ஒரு தாளை மாட்டி, தேதி, மணி, எத்தனை மி.லி., யார் கொடுத்தார் என்று நான்கு விவரங்களை, மருந்து கொடுத்த கையோடு எழுத வேண்டும். வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேரம், உகந்தது ஆறு மணி நேரம். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதல்ல, எந்த நேரத்திலிருந்து திரும்பிப் பார்த்தாலும் பொருந்த வேண்டும்; அதனால்தான் மணியையும் எழுதச் சொல்கிறேன். பாட்டி பிற்பகல் 3 மணிக்குக் கொடுத்ததைத் தாளில் பார்த்துவிட்டால், 5 மணிக்கு வேலையிலிருந்து வரும் நீங்கள் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே பாட்டிலை எடுக்க மாட்டீர்கள். தூங்கும் குழந்தையைக் காய்ச்சல் மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை.

தாளில் சளி மருந்துக்கும் ஓர் இடம் இருக்கட்டும். பல சளி, இருமல் சிரப்புகளிலும், ஆசனவாயில் வைக்கும் மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. வணிகப் பெயரைப் பார்த்தால் தெரியாது, கலவைப் பட்டியலைப் படித்தால்தான் தெரியும். ஒன்றில் இருந்தால் மற்றொன்றை அதே வேளையில் கொடுக்கக் கூடாது. ஐபுபுரோஃபென் வேறு மருந்து, அதற்கு வேறு கணக்கும் வேறு எச்சரிக்கைகளும் உண்டு. டாக்டர் சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தாளில் எழுதும் வீட்டில்கூட அப்போது வேளைகள் குழம்பிவிடுகின்றன. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரியவந்தால், குழந்தை நன்றாக விளையாடுகிறது என்பதைப் பார்த்து அமைதி கொள்ளாதீர்கள். பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாளில் வாந்தி, சோர்வு தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் அதற்குப் பிறகே வெளிப்படும். இந்த நச்சை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் ஒரே முறையில் அதிகமாகப் போன மருந்துக்கு அது எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கப்படும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது. வாந்தியெடுக்க வைக்க முயலாதீர்கள். விஷ முறிவு ஆலோசனை மையத்தையோ மருத்துவமனையையோ உடனே அழைத்து, குழந்தையின் எடை, லேபிளில் உள்ள அடர்த்தி, கொடுத்த மி.லி., கொடுத்த நேரங்கள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலையும் அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.