22 பக்கத் திட்டத்தை முப்பது நொடியாக்கியது

கேள்வி: எங்கள் ஸ்டார்ட்-அப்புக்கு 22 பக்கத் தொழில் திட்டம் தயாராக இருக்கிறது. முதலீட்டாளர் சந்திப்பில் முப்பது நொடிதான் தருவார்களாம். சிக்கலும் வாடிக்கையாளரும் விடுபடாமல் எப்படிச் சுருக்குவது?

பதில்:

காரைக்குடியில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடுகளைப் பராமரித்துக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நானும் என் தம்பியும் நடத்துகிறோம். எங்கள் திட்டமும் உங்கள் அளவுதான் இருந்தது. அதைச் சுருக்குவதில் நான் செய்த முதல் தவறு, ஒவ்வோர் அத்தியாயத்திலிருந்தும் ஒரு வரி எடுத்துக் கோத்தது. அப்படிக் கிடைத்தது இது: "செட்டிநாட்டின் கட்டடப் பாரம்பரியத்தைக் காக்கும் ஒருங்கிணைந்த டிஜிட்டல் தளம் நாங்கள், பராமரிப்பு, படப்பிடிப்பு வாடகை, விருந்தினர் தங்கல் ஆகிய மூன்று வழிகளில் வருமானம் ஈட்டுகிறோம்." பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதைச் சொல்லிக் காட்டினேன். "ஏந்தம்பி, ஓட்டல் வைக்கப் போறியா?" என்று கேட்டார்கள். ஆச்சியின் மேல் பிழையில்லை, ஏனென்றால் அந்த வாக்கியத்தில் துன்பப்படுகிற ஆள் ஒருவர்கூட இல்லை.

ஆகவே முப்பது நொடிப் பேச்சைத் திட்டத்தின் சுருக்கமாக எண்ணாமல், திட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆளையும் அவருக்கு நேரும் ஒரே ஒரு சங்கடத்தையும் மட்டும் வெளியே எடுத்துவரும் வேலையாக எண்ணுங்கள். அச்செடுத்த தாளில், யாருக்கு, எப்போது, என்ன இழப்பு நேர்கிறது என்று சொல்லும் வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். என் 22 பக்கத்தில் அப்படித் தேறியவை நான்கு வாக்கியங்களே. சந்தையின் அளவு, மூன்று ஆண்டு வருமானக் கணிப்பு, மென்பொருளின் அமைப்பு, எங்கள் இருவரின் படிப்பு ஆகியவற்றில் எதிலும் கோடு விழவில்லை. அவை வீண் என்பதன்று. அடுத்த கேள்விக்கு விடையாக வரவேண்டியவை.

வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. "பூர்வீக வீட்டு உரிமையாளர்கள்" என்று எழுதியிருந்தேன். ஆனால் இங்கே ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்காளிகள் இருப்பது வழக்கம். அவர்களில் சிலர் வீட்டைப் பார்த்தே ஆண்டுகள் ஆகியிருக்கும். சாவியை வைத்துக்கொண்டு, காவலாளிக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் பங்குத் தொகையைக் கேட்டு வாங்குகிறவர் ஒருவர்தான். எங்களுக்குப் பணம் கொடுப்பவரும் அவரே. அப்படிப்பட்ட பதினான்கு பேரிடம் பேசியபோது, கூரை ஒழுகுவதைவிட அவர்களை அதிகம் வருத்தியது, ஓடு மாற்றியதற்கு எவ்வளவு செலவானது என்று மற்றப் பங்காளிகள் ஐயப்படுவதே எனத் தெரிந்தது. இது எங்கள் திட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. உங்கள் தொழிலிலும் பயன்படுத்துகிறவர் ஒருவராகவும் பணம் கொடுப்பவர் வேறொருவராகவும் இருந்தால், முப்பது நொடியில் பணம் கொடுப்பவரைச் சொல்லுங்கள்; இருவரையும் சொல்லப் புகுந்தால் இருவருமே கேட்பவரின் நினைவில் நிற்கமாட்டார்கள்.

சிக்கலைச் சொல்லும் இடத்தில் அனேகமாக எல்லோரும் வழுக்குகிறார்கள். "இத்தகைய வீடுகளைக் கவனிக்க முறையான ஆப் இல்லை" என்று நானும் எழுதினேன். தன் பொருள் இல்லாததையே சிக்கல் என்று சொல்வது இது. உங்கள் பொருளைப் பற்றிய சொற்களை நீக்கிவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். மிச்சமிருப்பது ஒருவருக்கு இன்றைக்கு நேரும் நட்டமாக இருந்தால் அது சிக்கல், இல்லையென்றால் விளம்பரம். என் வாக்கியத்தில் ஆப் என்ற சொல்லை எடுத்தபின் எதுவும் மிஞ்சவில்லை. காலமும் இடமும் சேர்த்த பிறகே அது சிக்கலாக மாறியது: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு உடைந்தால் தண்ணீர் உத்தரத்தில் இறங்குகிறது, வீடு பூட்டியிருப்பதால் இரண்டு மூன்று மாதம் ஒருவருக்கும் தெரிவதில்லை.

அடுத்து, சொல்லளவு. ஆங்கிலத்தில் முப்பது நொடிக்கு எழுபத்தைந்து சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனெனில் வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நம் சொற்கள் நீண்டவை. கைப்பேசியில் பதிவுசெய்து பார்த்தபோது, மூச்சு வாங்காமல் நிதானமாகப் பேசினால் எனக்கு ஐம்பது சொல்லுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வந்தது. எண்களைப் பேச்சு வடிவில் எண்ணுங்கள். தாளில் ஒரு சொல்லாக நிற்கும் 1,500 வாயில் இரண்டாகிறது. இன்னொன்று, தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் என்ன நடந்தது என்பதை அறியக் கேட்பவர் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் இது பொறுக்கும், இந்தப் பதிலையே நான் அப்படித்தான் எழுதுகிறேன், பேச்சில் பொறுக்காது.

எங்கள் கடைசி வடிவம் இது:

"காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீட்டின் சாவி ஒரு பங்காளியிடம் இருக்கும், அவர் சென்னையில் இருப்பார். ஐப்பசி மழையில் ஓடு உடைந்து ஒழுகுவது அவருக்குத் தைப் பொங்கலுக்கு வரும்போதுதான் தெரியும். அதற்குள் தேக்கு உத்தரம் ஊறிவிடும். செலவு யாருடையது என்று பங்காளிகளுக்குள் வாக்குவாதம் வரும். நாங்கள் மாதம் இருமுறை வீட்டைத் திறந்து பார்த்து, சிறு பழுதை உடனே சரிசெய்து, படமும் பங்கு வாரியான கணக்கும் அனுப்புகிறோம். மாதம் 1,500 ரூபாய். 9 வீடுகள் சேர்ந்திருக்கின்றன."

வாடிக்கையாளரும் சிக்கலும் சேர்ந்து பாதிக்கு மேல் இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதைக் கவனியுங்கள். எங்கள் வேலை ஒரே வாக்கியம். விலையும் 9 வீடுகளும், இதற்கு உண்மையிலேயே பணம் கொடுக்கிறார்கள் என்பதற்காக. படப்பிடிப்பு வாடகையும் விருந்தினர் தங்கலும் போய்விட்டன. தம்பிக்கு இதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு, ஏனெனில் வருமானக் கணிப்பில் பெரிய தொகை அங்கேதான் இருந்தது. ஆனால் அவற்றின் வாடிக்கையாளர் வேறு ஆள். மேடையில் இதைப் பேச்சு வழக்கில்தான் சொல்கிறேன். எழுதியதை ஒப்பித்தால் கல்வெட்டு வாசிப்பது போல இருக்கும். உள்ளூர்க்காரர்கள் கேட்கும்போது "பொங்கலுக்கு" என்பதை, பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையலிடும் "படைப்புக்கு" என்று மாற்றிக்கொள்வேன், மதுரையில் அதைச் சொன்னால் விளக்கம் சொல்லவே ஐந்து நொடி போய்விடும்.

சரியாக வந்ததா என்று அறிய, உங்கள் தொழிலைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசுங்கள். பிறகு, "நான் என்ன செய்கிறேன் என்று உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். விடை "ஏதோ ஆப்" என்று தொடங்கினால் முதல் இரண்டு வாக்கியங்களைத் திருத்த வேண்டும்; அவர் ஆளையும் அவருடைய சங்கடத்தையும் சொன்னால் போதும், விலையை மறந்திருந்தாலும் பரவாயில்லை. அதே ஆச்சியிடம் புதிய வடிவத்தைச் சொன்னபோது, "எங்க பெரியவன் மெட்ராஸ்ல ஒக்காந்துக்கிட்டு இதுக்குத்தான் அல்லாடுறான்" என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்து ஓடுகளையும் சேர்த்துப் பார்ப்பீர்களா என்று கேட்டார்கள்.